வேறு நாள், வேறு மைக்: ஈக்யூ மேட்ச் செய்த பிறகும் ஒட்டு காதில் படுகிறது

#1 — வாசிப்பறை

வணக்கம். ஒரு நாவலின் ஒலிப்புத்தகத்தைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். மூலப் பதிவு முழுவதும் நன்கு ஒலியடக்கம் செய்த அறையில், பெரிய டயாஃப்ரம் கொண்ட கண்டென்சர் மைக்கில், வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளியில் எடுக்கப்பட்டது. திருத்தங்களுக்காக வாசிப்பாளர் பிறகு அனுப்பிய வாக்கியங்கள் அவருடைய வீட்டறையில், டைனமிக் மைக்கில், நான்கு விரல் தூரத்தில் பதிவானவை. ஏழாம் அத்தியாயத்தில் மட்டும் நான்கு தனி வாக்கியங்களும் ஒரு முழுப் பத்தியும் இவ்வாறு மாற்றப்பட வேண்டும்.

RX மென்பொருளின் EQ Match பகுதியில் அத்தியாயம் முழுவதையும் மாதிரியாகக் கொடுத்து, திருத்தப் பதிவின் மீது முழு அளவில் செலுத்தினேன். மூலத்தின் ரூம் டோன் −62 டெசிபெல் RMS. திருத்தப் பதிவைப் பேச்சின் உரப்பளவில் மூலத்தோடு சமன் செய்தபின் அதன் அடி இரைச்சல் −68. ஆகவே மூலத்தின் ரூம் டோனை அதே −62 அளவில் திருத்தங்களுக்கு அடியில் விரித்தேன்.

சொற்களின் நிறம் இப்போது கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் ஒவ்வொரு திருத்த வாக்கியமும் தொடங்கும் இடத்தில் மெல்லிய 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் திறந்து, வாக்கியம் முடியும் இடத்தில் மூடிக்கொள்கிறது. 'ச', 'ஷ' ஒலிகளும் கூர்மையாகிவிட்டன. ஈக்யூ மேட்ச் சரியாகச் செய்யப்பட்டிருந்தால் இது எப்படி நேர்கிறது?

#2 — செவிக்கூர்மை

பிரச்சினை இடைவெளிகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். திருத்தப் பதிவில் வாக்கியங்களுக்கு இடையே உள்ள மௌனம் அனைத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடங்களில் மூலத்தின் ரூம் டோனை மட்டும் வையுங்கள். சொற்கள் ஒலிக்கும்போது அடி இரைச்சல் யாருக்கும் கேட்காது. மௌனம் ஒரே அறையாக இருந்தால் காதும் ஒரே அறை என்றே எடுத்துக்கொள்ளும். நான் எல்லாத் திருத்தங்களையும் இந்த முறையில்தான் முடிக்கிறேன்.

#3 — அலைநீளம்

செவிக்கூர்மை சொன்னதில் பாதி சரி. ஒட்டு தெரிவது மௌனத்தில்தான். ஆனால் மௌனத்தை மட்டும் மாற்றினால், சொல் ஒலிக்கும்போது திருத்தப் பதிவின் இரைச்சலும், சொல் ஓய்ந்ததும் மூலத்தின் இரைச்சலும் மாறி மாறி வரும். உரத்த சொல்லின் நடுவே அது மறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் தமிழ் வாக்கியங்கள் பெரும்பாலும் '-ஆன்', '-ஆள்', '-அது' என்று தணிந்துபோகும் ஈற்றசைகளில் முடிகின்றன. அந்த ஈற்றசை மெலியும்போது அதன் அடியில் இருக்கும் இரைச்சல் வெளியே வருகிறது, அடுத்த கணம் வெட்டில் நிறம் மாறுகிறது. வாசிப்பறை கேட்பதாகச் சொல்லும் திறப்பும் மூடலும் இன்னும் வேகமாக நிகழுமே தவிர மறையாது. திருத்தப் பதிவின் சொந்த இரைச்சல் மூலத்தைவிட மிகவும் கீழே இருக்கும்போது மட்டும் அந்த முறை குற்றமில்லாமல் அமையும்.

இங்கே முதல் காரணம் அதற்கும் முந்தியது. ஈக்யூ மேட்ச் செய்வது என்னவென்றால், இரண்டு பதிவுகளின் நீண்ட நேரச் சராசரி அலைவரிசைப் பரவலை எடுத்து, ஒவ்வொரு அலைவரிசையிலும் உள்ள வித்தியாசத்தை ஒரு வடிகட்டியாக மாற்றுவது மட்டுமே. பேச்சு எது, அறை எது, மின்னிரைச்சல் எது என்று அதற்குத் தெரியாது. உங்கள் டைனமிக் மைக் மேல் அலைவரிசைகளில் சரிந்துபோகும் வகையாக இருந்தால், 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் பேச்சு மிகக் குறைவாகவும், மைக்கின் தாழ்ந்த வெளியீட்டை உயர்த்திய பிரீஆம்பின் இரைச்சல் கணிசமாகவும் இருக்கும். மூலத்தில் அங்கே காற்றோட்டமான ஒலி இருப்பதைக் கண்டு, வடிகட்டி அந்தப் பகுதியைப் பல டெசிபெல் தூக்கிவிடுகிறது. இல்லாத பேச்சைத் தூக்க முடியாது என்பதால் இருக்கும் இரைச்சல்தான் மேலே வருகிறது. 'ச', 'ஷ' கூர்மையானதும் இதே காரணத்தால்தான்.

மேட்ச் உருவாக்கிய வளைவின் படத்தை இங்கே விவரித்துச் சொல்ல முடியுமா? 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எவ்வளவு ஏற்றம் காட்டுகிறது?

#4 — வாசிப்பறை

பார்த்தேன். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 டெசிபெல் இறக்கம் இருக்கிறது. 300 முதல் 3,000 வரை சிறு மேடுபள்ளங்கள் மட்டுமே. 6 கிலோஹெர்ட்ஸில் ஏறத் தொடங்கி, 12 கிலோஹெர்ட்ஸில் 14 டெசிபெல் வரை போகிறது.

#5 — அலைநீளம்

கீழே உள்ள இறக்கம் நியாயமானது. நான்கு விரல் தூரத்தில் பேசியதால் திசைநோக்கு மைக்கில் தாழ் அலைகள் பெருத்திருக்கின்றன, அதை வடிகட்டி திருத்துகிறது. நடுப்பகுதியும் நம்பத்தக்கது. மேலே உள்ள 14 டெசிபெல்தான் உங்கள் 'ஸ்ஸ்'.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் −68 என்ற அளவீடு மேட்சுக்கு முன்பு எடுத்தது. மேட்சுக்குப் பின் அந்த இரைச்சல் −68 ஆக இருக்காது. ரூம் டோனைப் பற்றிய எந்தக் கணக்கையும் மேட்ச் முடிந்த பிறகே தொடங்க வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மாதிரியாக முழு அத்தியாயத்தையும் கொடுக்காமல், திருத்தத்தின் அருகிலிருந்து ஒரு நிமிட அளவு பேச்சை எடுத்து, அதிலுள்ள நீண்ட மௌனங்களை வெட்டிவிட்டுக் கொடுப்பேன். திருத்தப் பதிவிலும் அவ்வாறே. ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து மேட்ச் செய்வது ஆபத்து, ஏனென்றால் அந்த வாக்கியத்தில் 'ஷ', 'ஸ' அதிகமிருந்தால் மைக் கூர்மையானது என்று மென்பொருள் முடிவுகட்டிவிடும். 'மழை ஓய்ந்து ஆறு பெருகியது' என்ற வாக்கியத்தையும் 'விசேஷ பூஜை சிறப்பாக முடிந்தது' என்ற வாக்கியத்தையும் ஒரே மைக்கில் பதிந்து ஒப்பிட்டாலும் சராசரியில் பெரிய வித்தியாசம் தெரியும். அதனால் எல்லாத் திருத்தங்களையும் ஒரே கோப்பில் கோத்து, ஒரே வளைவை உருவாக்கி, அதையே அனைத்துக்கும் பயன்படுத்துங்கள். வாக்கியத்துக்கு ஒரு வளைவு வேண்டாம்.

பிறகு அந்த வளைவின் ஆட்சி எல்லையைக் கட்டுப்படுத்த வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் அதைச் செயல்பட விடாமல், நடுவில் 60 அல்லது 70 விழுக்காடு அளவில் செலுத்துங்கள். நீங்கள் பயன்படுத்தும் கருவியில் எல்லையை நேரடியாக வைக்க வழியில்லை என்றால், வளைவைப் பார்த்து அதே வடிவத்தைச் சாதாரண ஈக்யூவில் நான்கைந்து பட்டைகளில் கையால் போட்டுவிடலாம். பல வேளைகளில் அதுவே நன்றாக ஒலிக்கிறது, ஏனென்றால் தானியங்கி வளைவில் இருக்கும் ஊசி போன்ற சிறு மேடுகள் மைக்கின் இயல்பு அல்ல. அன்றைக்கு வாசித்த சொற்களின் தற்செயல்தான் அவை. மேலே காற்றோட்டம் வேண்டுமென்றால் 9 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2 அல்லது 3 டெசிபெல் மென்மையான ஏற்றம் போதும்.

#6 — இருகுரல்

நல்ல நேரத்தில் இந்த இழையைக் கண்டேன். எனக்கும் இதே தேவை. இருவர் உரையாடும் நிகழ்ச்சி ஒன்றில் ஒருவர் கண்டென்சரிலும் மற்றவர் சட்டையில் குத்தும் மைக்கிலும் பேசியிருக்கிறார்கள். முதலாமவரின் குரலை மாதிரியாக வைத்து இரண்டாமவருக்கு மேட்ச் செய்தேன். அவருடைய குரல் மூக்கடைத்தது போல் மாறிவிட்டது. 8 கிலோஹெர்ட்ஸ் எல்லை வைத்தால் இது சரியாகுமா?

#7 — அலைநீளம்

இருகுரல், உங்கள் தேவை வேறு. வாசிப்பறையிடம் இருப்பது ஒரே மனிதரின் குரல், இரண்டு சூழல்களில். உங்களிடம் இருப்பது இரண்டு மனிதர்களின் குரல்கள். சராசரியில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அவர்களுடைய தொண்டையும் வாயும்தான், மைக் அல்ல. மேட்ச் செய்யும்போது ஒருவருடைய உடலின் அதிர்வை இன்னொருவர் மீது ஏற்றுகிறீர்கள். எல்லை வைத்தாலும் அது மாறாது.

இரண்டு மைக்குகளும் இன்னும் கைவசம் இருந்தால், யாராவது ஒருவரை இரண்டுக்கும் முன்னால் உட்காரவைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு நிமிடம் வாசிக்கச் செய்து பதியுங்கள். குத்தும் மைக்கை நிகழ்ச்சியில் இருந்தது போலவே சட்டையில் குத்த வேண்டும், ஏனென்றால் மோவாயின் நிழல் அதன் ஒலியில் பாதி. அந்த இரண்டு பதிவுகளின் வித்தியாசமே உங்களுக்கு வேண்டிய வளைவு. குரல் ஒன்று, சொற்கள் ஒன்று என்பதால் எஞ்சுவது மைக்கும் அதன் இடமும் மட்டுமே.

#8 — மறுபதிவு

இவ்வளவு உழைப்பையும் பார்த்த பிறகு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. திருத்தங்களை மூல மைக்கில், மூல அறையில் மறுபடி பதிவு செய்தால் இந்தக் கேள்வியே எழாது. வடிகட்டியால் அறையை மாற்ற முடியாது. மேசையில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியைவிட 34 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்தால் ஒரு மில்லி விநாடி தாமதமாகிறது, அதனால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழுகின்றன. வாசிப்பாளர் தலையைச் சற்று அசைத்தாலே அந்தப் பள்ளங்கள் இடம் மாறுகின்றன. சராசரி வளைவு எதைத் திருத்தும்? நான் திருத்தப் பதிவுகளை இந்தக் காரணத்துக்காகவே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

#9 — அலைநீளம்

மேசைத் தெறிப்பைப் பற்றி மறுபதிவு சொன்னது முழுக்க உண்மை. ஈக்யூவால் அதைத் தொட முடியாது. திருத்தப் பதிவில் மூலத்தைவிட அறை அதிகமாகக் கேட்டால் நானும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் வாசிப்பறையின் நிலை நேர்மாறானது. நான்கு விரல் தூரத்தில் எடுத்ததால் அங்கே நேர் ஒலி மிகுதி, அறை குறைவு. அறையைச் சேர்ப்பது இயலும் காரியம், எடுப்பதுதான் கடினம். மூல அறைக்கு வாசிப்பாளர் திரும்ப முடியாத சூழலில் இதை முயல்வதில் தவறில்லை.

#10 — வாசிப்பறை

அலைநீளம் சொன்னபடி எல்லைக்குட்பட்ட மேட்சைச் செய்தேன். 'ச', 'ஷ' கூர்மை போய்விட்டது. மேட்சுக்குப் பின் திருத்தப் பதிவின் மௌனப் பகுதியை அளந்தால் −66 டெசிபெல் வருகிறது. இப்போது மூலத்தின் டோனை −62 அளவில் அடியில் விரித்தால் திருத்தப் பகுதி மூலத்தைவிட இரைச்சலாகத் தோன்றுகிறது. −66 அளவில் விரித்தால் சற்றுக் குறைவாகத் தோன்றுகிறது. காதால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

#11 — அலைநீளம்

தேட வேண்டியதில்லை, கணக்கிடலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இரைச்சல்கள் சேரும்போது அவற்றின் திறன் கூடுகிறது. திருத்தப் பதிவில் −66 ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் −62 ஐ வைத்தால் மொத்தம் −60.5 ஆகிறது, அதாவது மூலத்தைவிட ஒன்றரை டெசிபெல் கூடுதல். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. மொத்தம் −62 ஆக வேண்டுமென்றால் இல்லாத பங்கை மட்டும் சேர்க்க வேண்டும்:

```
10*log10(10^(-62/10) - 10^(-66/10)) = -64.2
```

ஆகவே டோனை −64.2 அளவில் விரியுங்கள். திருத்தத்தின் முதல் சொல்லுக்கு முன்பிருந்து கடைசிச் சொல்லுக்குப் பின்வரை, சொற்களுக்கு அடியிலும், அது இடைவிடாமல் ஓட வேண்டும். அளவீட்டுக்கு எந்தக் கருவியும் போதும். மௌனப் பகுதியைத் தனிக் கோப்பாக வெட்டி வைத்திருந்தால் இந்த ஒரு வரியும் போதும், வரும் விடையில் `mean_volume` என்பதைப் பாருங்கள்:

```
ffmpeg -i tone.wav -af volumedetect -f null -
```

அளப்பதற்கு எடுத்த துண்டில் மூச்சோ உடை உரசலோ இருந்தால் எண் பொய்யாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

டோன் துண்டு குறைந்தது முப்பது விநாடி இருக்கட்டும். இரண்டு விநாடித் துண்டைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டால், அதில் இருக்கும் சிறு தட்டு ஒலி தாளம் போல் திரும்பத் திரும்பக் கேட்கும். மூலத்தில் தனி டோன் பதிவு இல்லையென்றால் பத்திகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளைப் பொறுக்கிக் கோத்துக்கொள்ளலாம். மூச்சொலிகளை மட்டும் வெட்டிவிடுங்கள்.

கோக்கும் இடத்தில் கிராஸ்ஃபேடு வகையைக் கவனியுங்கள். நேர்க்கோட்டு வகையில் இரண்டு இரைச்சல்களும் நடுப்புள்ளியில் பாதி வீச்சுக்கு இறங்குவதால் மொத்தம் 3 டெசிபெல் பள்ளமாகிறது. ஈக்வல் பவர் வகையில் மட்டம் மாறாது. 3 டெசிபெல் பள்ளம் சொற்களுக்கு நடுவே தெரியாது, தனியாக ஓடும் டோனில் நன்றாகவே தெரியும்.

#12 — செவிக்கூர்மை

கணக்கு மட்டத்தைச் சமன் செய்கிறது, நிறத்தை அல்ல. உங்கள் விடையின்படி மொத்த இரைச்சலில் டோனின் பங்கு அறுபது விழுக்காடு அளவுதான், மீதி டைனமிக் மைக்கின் பிரீஆம்ப் இரைச்சல். எண் ஒன்றாக இருந்தும் நிறம் வேறாக இருக்குமே? அதனால்தான் இரைச்சல் நீக்கியால் திருத்தப் பதிவை முழுவதும் துடைத்துவிட்டு, அதன்பின் டோனை வைப்பது நல்லது என்கிறேன்.

#13 — அலைநீளம்

நிறத்தைப் பற்றிய உங்கள் கவனிப்பு சரியானது, நான் அதைச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். முழுவதும் துடைப்பதில்தான் உடன்பாடில்லை. கடுமையான இரைச்சல் நீக்கம் மௌனத்தில் அழகாகத் தோன்றும், ஆனால் மெல்லிய ஈற்றசைகளில் நீர்க்குமிழி போன்ற ஒலியை விட்டுச்செல்லும். டோன் அதை ஓரளவு மூடினாலும் நல்ல ஹெட்ஃபோனில் தெரிந்துவிடும். ஆறு டெசிபெல் மட்டும் குறைத்தால் போதும். −66 என்பது −72 ஆகும். அப்போது டோனை ஏறத்தாழ −62.5 அளவில் விரிக்கலாம், மொத்த இரைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு மூல அறையினுடையதாகிவிடும். நிறம் பற்றிய கவலை அத்தோடு ஏறக்குறையத் தீர்கிறது.

#14 — மறுபதிவு

ஆறு டெசிபெல் என்றாலும் நீக்கம் நீக்கம்தான். நான் திருத்தப் பதிவின் மீது இரைச்சல் நீக்கியைப் பயன்படுத்துவதில்லை. அதற்குப் பதிலாக மூலத்தின் பக்கத்தில் சில விநாடிகளுக்கு முன்பிருந்தே திருத்தத்தின் இரைச்சலை மெல்ல உள்ளே கொண்டுவந்து, பிறகு மெல்ல வெளியேற்றுவேன். மாற்றம் மெதுவாக நிகழ்ந்தால் காது அதைக் கவனிப்பதில்லை.

#15 — அலைநீளம்

ஒரு முழுப் பத்திக்கு அது நல்ல முறை, ஏற்கிறேன். ஒற்றை வாக்கியங்களில் இரைச்சல் ஏறி இறங்குவதற்கு இடமே இல்லை. தவிரவும், ACX போன்ற தளத்துக்கு அனுப்புவதென்றால் அடி இரைச்சல் −60 டெசிபெல் RMS அளவைத் தாண்டக்கூடாது. −62 இருக்கும் மூலத்தின் மீது இன்னோர் இரைச்சலைச் சேர்க்க உங்களுக்கு இருக்கும் இடம் மிகச் சிறியது.

#16 — வாசிப்பறை

ஆறு டெசிபெல் நீக்கம், −62.5 அளவில் இடைவிடாத டோன், ஈக்வல் பவர் இணைப்பு ஆகியவற்றைச் செய்தேன். திரையைப் பார்க்காமல், ஒவ்வோர் ஒட்டுக்கும் பத்து விநாடி முன்பிருந்து ஓடவிட்டுக் கேட்டேன். திறப்பும் மூடலும் போய்விட்டன. இரண்டு வாக்கியங்களின் இடம் எனக்கே தெரியவில்லை.

இரண்டு குறைகள் எஞ்சுகின்றன. மாற்றிய பத்தியில் குரல் இன்னும் காதுக்கு அருகே இருப்பது போல் தோன்றுகிறது. மேலும், கடைசித் திருத்த வாக்கியத்தில் கதைமாந்தர் கோபமாகப் பேசுவதால் வாசிப்பாளர் உரத்து வாசித்திருக்கிறார். அது மட்டும் எந்த வளைவுக்கும் அடங்காமல் தனித்து நிற்கிறது.

#17 — அலைநீளம்

முதலாவது, நான் முன்பு சொன்ன அறைக் குறைவு. மிகக் குறுகிய அறை ரிவர்ப் ஒன்றை, 0.2 அல்லது 0.3 விநாடியில் ஓயும்படி, குரலைவிட 20 முதல் 25 டெசிபெல் தாழ்வாகச் சேர்த்துப் பாருங்கள். அதைக் குரலுக்கு மட்டும் கொடுங்கள், டோனுக்குக் கொடுக்க வேண்டாம். ரிவர்பின் தாழ் அலைகளை 200 ஹெர்ட்ஸிலும் மேல் அலைகளை 6 கிலோஹெர்ட்ஸிலும் வெட்டிவிட்டால் அது தனியாகத் தெரியாது. சேர்த்ததையும் சேர்க்காததையும் ஒரே உரப்பில் ஒப்பிடுவது முக்கியம், ஏனென்றால் அரை டெசிபெல் உரத்தது எப்போதும் நன்றாகவே தோன்றும்.

வரிசையும் பொருட்படுத்தத்தக்கது. மேட்ச், நீக்கம், ரிவர்ப், டோன் ஆகிய எல்லாவற்றையும் கம்ப்ரஸருக்கு முன்பாக முடித்து, மூலமும் திருத்தமும் ஒரே டிராக்காக அதே கம்ப்ரஸரையும் டீ-எஸ்ஸரையும் கடந்துபோகட்டும். கம்ப்ரஸர் ஏற்கெனவே ஏறிய மூலத்தை மாதிரியாக எடுத்திருந்தால், அந்த மேட்சைத் திரும்பச் செய்வது நல்லது.

இரண்டாவது குறைக்கு என்னிடம் மருந்தில்லை. உரத்துப் பேசும்போது குரலின் மேல் அலைகள் மற்றவற்றைவிட அதிகமாக எழுகின்றன. அந்த வித்தியாசம் தொண்டையில் பிறந்தது. வடிகட்டியால் அந்தச் சாய்வைத் தாழ்த்தினாலும் கோபத்தின் அழுத்தம் போகாது, மங்கிய கோபம்தான் கிடைக்கும்.

#18 — மறுபதிவு

ரிவர்பை நான் இப்போதும் பரிந்துரைக்க மாட்டேன். ஒலிப்புத்தகம் கேட்பவர் மணிக்கணக்கில் ஒரே குரலோடு இருப்பவர். செயற்கை அறையை அவர் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்காவிட்டாலும் அந்த இடத்தில் கவனம் நழுவும். வாசிப்பாளரை ஒரு சாண் தள்ளி உட்காரச் சொல்லிப் பத்தியை மறுபடி வாங்குவதே என் வழி. கோப வாக்கியத்தையும் அத்தோடு வாங்கிவிடுங்கள்.

#19 — இருகுரல்

இடையில் என் செய்தி: ஒரே ஆளை இரண்டு மைக்கிலும் வாசிக்கச் செய்து எடுத்த வளைவில் மூக்கடைப்பு போய்விட்டது. ஆனால் சட்டை மைக்கில் அறை அதிகம் கேட்பது அப்படியே இருக்கிறது. அதனால் இரண்டாமவரின் அறையொலியை முதலாமவருக்குச் சேர்ப்பதா, வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

#20 — வாசிப்பறை

ரிவர்பை 23 டெசிபெல் தாழ்வாக வைத்துப் பத்தியைக் கேட்டேன். எனக்குப் பொருந்துகிறது. கூடவே கேட்ட மற்றொருவர் பத்தியின் முதல் வாக்கியத்தில் மட்டும் ஏதோ மாறுகிறது என்கிறார். அதனால் பத்தியை இரண்டு வடிவிலும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

கோப வாக்கியத்தை மறுபடி கேட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய ஒரு நிமிட மூலத்தை வாசிப்பாளருக்கு அனுப்பி, அதை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு உடனே வாசிக்கும்படியும், ஒரு சாண் தூரத்தில் அமரும்படியும், வாசித்து முடித்ததும் கெயினைத் தொடாமல் அதே இருக்கையில் அசையாமல் ஒரு நிமிடம் பதிவை ஓடவிடும்படியும் எழுதியிருக்கிறேன். தூரம் கூடுவதால் கெயின் உயரும், அடி இரைச்சலும் −66 ஐவிட மேலே வரும் என்று எதிர்பார்க்கிறேன். அது −62 ஐத் தாண்டிவிட்டால் டோனைச் சேர்க்க இடமே இருக்காது என்பதால், கோப்பு வந்ததும் முதலில் அந்த ஒரு நிமிடத்தை அளந்து எண்ணை இங்கே எழுதுகிறேன்.